மீன் குழம்புச் சோறும் பூனையின் இரத்தமும்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவுக்கு முன்னால் வரும் தர்மபுரம் வயலையும் தென்னையையும் மாட்டையும் நம்பி வாழ்கிற ஊர். நெல் மூடை அடுக்கிய வீட்டுக்கு எலி வரும். எலி வரும் வீட்டுக்குப் பூனை வேண்டும். அந்தப் பூனைக்கென்று யாரும் தனியாகச் சமைப்பதில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, சட்டியில் மிஞ்சிய குழம்பை ஒரு பிடி சோற்றில் விட்டுப் பிசைந்து, மீன் தலையும் முள்ளும் சேர்த்து, குசினி வாசலில் ஒரு சிரட்டையிலோ பழைய கோப்பையிலோ வைத்துவிடுவார்கள். வன்னியில் பெரும்பாலான வீட்டுப் பூனைகளின் சாப்பாடு இதுதான்.

பூனைக்கு ஆகாத உணவுகள் என்று பத்திரிகைகளில் வரும் பட்டியல்களில் சொக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கும். மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் மேலைநாட்டு வீடுகளை, அதிலும் நாய் வளர்க்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்முடைய குசினிக்கு அவற்றை அப்படியே கொண்டுவந்தால், பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதைக் கையாலேயே பிசைந்து வைப்போம்.

முதலில் கண்டோஸ். கொக்கோ விதையில் தியோபுரோமின் என்ற பொருள் இருக்கிறது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனுக்கு அது நெருங்கிய உறவு. மனித உடல் அதைச் சில மணி நேரத்தில் உடைத்து வெளியேற்றிவிடும். நாய், பூனை உடல்கள் அதில் மந்தம். அதனால் அது இரத்தத்தில் தங்கி இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும், உடலை நடுங்கவைக்கும், மிஞ்சினால் வலிப்பையும் கொண்டுவரும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் இலேசான அறிகுறிகள் தொடங்கும் என்பது, பெரும்பாலும் நாய்களைப் பார்த்து மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்று கிலோ பூனைக்கு அது 60 மில்லிகிராம். பால் கண்டோஸில் கிட்டத்தட்ட 30 கிராம் தின்றால் அந்த அளவு சேரும். கறுப்புக் கண்டோஸில் 12 கிராம் போதும். சீனி சேர்க்காத கொக்கோத் தூளாக இருந்தால் மூன்று கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட.

ஆனால் பூனை கண்டோஸைத் தேடிப் போகாது. இனிப்பை அறியும் நாக்குணரியைக் கட்டுவதற்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். அவற்றில் ஒன்று பூனைக் குலத்தில் வெகுகாலத்துக்கு முன்பே பழுதாகிவிட்டது. இதை அமெரிக்காவின் மொனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2005 ஆம் ஆண்டு காட்டினார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, சிறுத்தைக்கும் புலிக்கும் இதே நிலைதான். ஆகவே சீனிக்காக ஒரு பூனை எதையும் தின்னாது. பாலுக்கும் கொழுப்புக்கும் நக்கும். கொக்கோ போட்ட பட்டர் கேக்கையும் ஆறிய பால் கோப்பியையும் அது எட்டாமல் வைத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முந்திரிகைப்பழமாகிய திராட்சையின் கதை வேறு விதமானது. திராட்சையும் அதன் வற்றலும் சில நாய்களின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளுக்குள் செயலிழக்கச் செய்கின்றன என்று கால் நூற்றாண்டாகத் தெரியும். எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பதுதான் நெடுநாள் பிடிபடவில்லை. 2021 இல் அமெரிக்க விலங்கு நஞ்சு ஆலோசனை மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு தடயத்தைப் பிடித்தார்கள். வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்கு, திராட்சை தின்ற நாய்க்கு வருவதைப் போலவே சிறுநீரகம் கெட்டிருந்தது. அந்த மாவில் சேர்த்திருந்தது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் ஏராளமாக இருக்கும் அமிலமும் அதுவே. இனத்துக்கும் பழுத்த அளவுக்கும் ஏற்ப அந்த அமிலம் கூடிக் குறைவதால், ஒரு நாய் ஒரு பிடி தின்றுவிட்டுச் சும்மா இருக்க இன்னொரு நாய் சில பழங்களிலேயே விழுவதற்கும் காரணம் கிடைத்தது.

தமிழர் சமையலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. டார்டாரிக் அமிலம் நிறைந்த இன்னொரு பழம் நம்முடைய பழப்புளி. புளியம்பழம் தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றி அதே மருத்துவர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். இவையெல்லாம் நாய்களைப் பற்றியவை. பூனையில் திராட்சை இப்படிச் செய்கிறது என்று சொல்லக் கிடைக்கும் சான்று மிகச் சொற்பம், அங்கொன்றும் இங்கொன்றுமான நிகழ்வுகள்தான். கொடுக்காமல் இருப்பது நல்லது, அவ்வளவே. முற்றத்துப் பந்தலில் முந்திரிகை காய்க்கிறது என்பதற்காகப் பூனையைக் கட்டிவைக்கத் தேவையில்லை. நாய் வளர்ப்பவர் மட்டும் பந்தலுக்குக் கீழே விழுகிற பழத்தைக் கூட்டி அள்ளட்டும்.

மிஞ்சியிருப்பது வெங்காயம். அதன் பக்கத்தில் உள்ளி. நம் குழம்பில் இந்த இரண்டும் இல்லாமல் இருந்த நாள் ஏது?

வெங்காயத்தை வெட்டாமல் வைத்திருக்கும்வரை அதில் மணம் இல்லை. கத்தி பட்டவுடன், தனித்தனி அறைகளில் இருந்த ஒரு கந்தகச் சேர்மமும் ஒரு நொதியமும் கலக்கின்றன. அந்தக் கலப்பில் பிறக்கும் புதிய கந்தகச் சேர்மங்கள்தான் கண்ணைக் கரிக்கின்றன, தாளிக்கும்போது மணக்கின்றன. சமைக்கும்போதும் செரிக்கும்போதும் இவை மேலும் மாறி, டைசல்பைட்டு, தயோசல்பேட்டு வகைச் சேர்மங்களாக இரத்தத்தில் போய்ச் சேருகின்றன. அங்கே அவை செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து ஒட்சியேற்றம் செய்கின்றன. இரும்பில் துருப்பிடிப்பதை ஒத்த வேதியியல்தான் அது, நடப்பது உயிருள்ள கலத்துக்குள்.

செங்குருதிக் கலத்துக்குள் நிறைந்திருப்பது ஈமோகுளோபின் என்ற புரதம். நுரையீரலில் இருந்து ஒட்சிசனைச் சுமப்பது அதுவே. அதன் மேற்பரப்பில் கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த சில முனைகள் உண்டு. ஒட்சியேற்றத்துக்கு முதலில் அகப்படுபவை அவை. மனித ஈமோகுளோபினில் இப்படி எளிதில் தாக்கப்படும் முனைகள் இரண்டு. நாயில் நான்கு. பூனையில் எட்டு. ஒரே சட்டிக் குழம்பை மூவரும் சாப்பிட, பூனைக்கு மட்டும் இரத்தம் கெடுவதற்கு முதல் காரணம் இந்த எண்ணிக்கை.

முனைகள் தாக்கப்பட்டால் ஈமோகுளோபின் மடிப்புக் குலைந்து, கட்டியாகத் திரண்டு, கலத்தின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். 1890 இல் இதைக் கண்டு விவரித்த ஜெர்மன் மருத்துவர் ரொபர்ட் ஹைன்ஸ் பெயரால் அதை ஹைன்ஸ் திரள் என்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் கலத்தின் ஓரத்தில் ஒரு சிறு மொட்டு முளைத்த மாதிரித் தெரியும். அப்படி மொட்டு வந்த கலம் விறைத்துப்போய், நுண்குழாய்களில் வளைந்து நெளிய முடியாமல் காலத்துக்கு முன்பே உடையும். உடைந்தால் ஈமோகுளோபின் வெளியே கொட்டும். அதைச் சிறுநீரகம் வடிக்க, சிறுநீர் பால் விடாத தேத்தண்ணியின் நிறத்துக்குப் போகும்.

இந்த நிறச் சிறுநீரை வன்னியின் பழைய தலைமுறை வைத்தியர்கள் மனிதரிலும் கண்டிருப்பார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரிமாகுயின் மாத்திரை, ஒரு குறிப்பிட்ட நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களின் செங்குருதிக் கலங்களை இதே முறையில்தான் உடைக்கும். ஹைன்ஸ் திரளும் அங்கே உண்டு. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு அந்தக் காட்சி அரிதாகிவிட்டது. சில மனிதருக்குக் குறைபாட்டால் வரும் அந்தப் பலவீனம், பூனைக்கு இயல்பாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் மண்ணீரல். மனிதரிலும் நாயிலும் மண்ணீரல் கெட்ட கலங்களை நெருக்கமான இடுக்குகளின் வழியே விட்டு, திரளைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கலத்தைத் திருப்பி அனுப்பும். பூனையின் மண்ணீரலின் அமைப்பு வேறு. அந்த வேலையை அது சரியாகச் செய்யாது. அதனால் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பூனையின் இரத்தத்திலும் ஹைன்ஸ் திரள் சில கலங்களில் எப்போதும் இருக்கும். இன்று உண்டானது நாளையும் இருக்கும், அதன் மேல் நாளைக்கு உண்டாவதும் சேரும். வெங்காய நஞ்சு பூனையில் சிறுகச் சிறுகக் கூடுவது இதனால்தான்.

எவ்வளவு வெங்காயம்? பூனையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 கிராம் போதும் என்பது கால்நடை மருத்துவ நூல்கள் தரும் அளவு. நாய்க்கு அது 15 முதல் 30 கிராம். நம் வீட்டுப் பூனை மூன்று கிலோ இருந்தால் 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். உள்ளி வெங்காயத்தைவிடச் சில மடங்கு வலியது. அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்துத் தூளாக்கினாலும் இந்தக் குணம் போவதில்லை. தூளில் நீர் இல்லாததால் அது இன்னும் செறிவானது. நூடில்ஸ் பொதியோடு வரும் சுவைத் தூளிலும் சூப் கட்டியிலும் இருப்பது இந்தத் தூள்.

பச்சை வெங்காயத்தை எந்தப் பூனையும் கடிக்காது என்று சொல்வீர்கள். உண்மை. குழம்பில் கரைந்த வெங்காயத்துக்கு அந்தத் தடை இல்லை. மீன் மணத்துக்கு வரும் பூனை வெங்காயச் சாற்றையும் சேர்த்தே நக்குகிறது.

ஒரு சட்டியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ அளவு மீன் குழம்பு. அதற்கு ஒரு கை சின்ன வெங்காயம், 100 கிராம் என்று வையுங்கள். உள்ளி பத்துப் பல்லு, 20 கிராம். பூனையின் சோற்றில் இரண்டு அகப்பை குழம்பு, 50 கிராம் விழுகிறது. அது சட்டியில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே பூனைக்குப் போவது 5 கிராம் வெங்காயமும் ஒரு கிராம் உள்ளியும். உள்ளியை அதன் வலுவுக்கேற்ப வெங்காயமாக மாற்றினால் மொத்தம் எட்டு முதல் பத்துக் கிராம் வெங்காயத்துக்குச் சமம். மூன்று கிலோ பூனையில் இது கிலோவுக்கு மூன்று கிராம் அளவு. ஆபத்தென்று நூல் சொல்லும் ஐந்துக்குக் கீழே.

அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் நடப்பதில்லை. பூனை சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுக்கும். ஆனால் இரவிலும் அதே குழம்பு வந்தால் ஒரே நாளில் கிலோவுக்கு ஆறு கிராம் ஆகிவிடும். மறுநாள் சொதி, அதற்கு மறுநாள் கருவாட்டுக் குழம்பு என்று நான்கு நாள் போனால், ஒவ்வொரு நாளும் சில கலங்கள் கெட, முந்திய நாள் கெட்டவையும் அப்படியே நிற்கும். அந்தப் பூனையின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே 200 மில்லிலீற்றருக்குள், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. குட்டியாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். அரைக் கிலோ குட்டிக்கு இரண்டரைக் கிராம் வெங்காயம் எல்லை. மேலே சொன்ன சோற்றில் பாதியைத் தின்றாலே அது எல்லையைத் தாண்டிவிடும்.

குழம்பைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. சீனிச்சம்பல். அதன் உடம்பே வெங்காயம்தான், அதுவும் வதக்கிச் சுண்டவைத்த வெங்காயம். அதற்குள் மாசிக் கருவாட்டுத் தூள். மாசியின் மணத்துக்குப் பூனை எங்கிருந்தாலும் வரும். ஒரு கிலோ வெங்காயம் வதங்கி அரைக் கிலோவாகியிருந்தால், ஒரு மேசைக்கரண்டிச் சம்பலுக்குள் முப்பது நாற்பது கிராம் பச்சை வெங்காயம் ஒளிந்திருக்கிறது. மூன்று கிலோ பூனைக்கு ஒரே தரத்தில் எல்லையை இரண்டு மடங்கு தாண்டிவிடும். சம்பல் பணிசின் நடுவைப் பிய்த்துப் பூனைக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீன் ரோல்ஸ், கட்லட் உள்ளீட்டிலும் வெங்காயம் குறைவில்லை.

சிறு அளவில் சேர்ந்த வெங்காயமும் பூனை இரத்தத்தில் தெரியும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் நோயுற்றுச் சாப்பிடாத பூனைகளுக்கு, இறைச்சி அரைத்த குழந்தை உணவைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதில் ருசிக்காக வெங்காயத் தூள் சேர்த்திருந்தார்கள். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் வெவ்வேறு விகிதத்தில் வெங்காயத் தூள் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1998 இல் முடிவை வெளியிட்டார்கள். தூள் கூடக் கூட ஹைன்ஸ் திரளும் கூடியது. உடல் தேறுவதற்காகக் கொடுத்த உணவே இரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. நாயைப் பொறுத்தவரை இந்த அறிவு இன்னும் பழையது. வெங்காயம் தின்ற நாய்களுக்கு இரத்தச்சோகை வருகிறது என்று 1930 இலேயே அங்கே எழுதிவிட்டார்கள்.

மாடு வளர்க்கும் தர்மபுரத்தார் ஒன்றைக் கூடவே தெரிந்துகொள்ளலாம். கழிவு வெங்காயத்தைக் குவியலாகத் தின்னும் மாட்டுக்கும் இதே நோய் வரும். செம்மறியும் ஆடும் மாட்டைவிடத் தாங்கும்.

இனி, பூனைக்கு இது வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுகொள்வது? தின்ற அன்றோ மறுநாளோ வாந்தியும் கழிச்சலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு நாளுக்குள் கலங்களில் திரள் உண்டாகத் தொடங்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் தளர்ச்சி மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் வரும். இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. செவ்வாய்க்கிழமைச் சம்பலைச் சனிக்கிழமை யாரும் நினைப்பதில்லை. பூனை சோர்ந்து மூலையில் ஒதுங்கினால், எலிப் பாஷாணம் தின்ற எலியைத் தின்றிருக்கும், பாம்பு தீண்டியிருக்கும், வெக்கை தாங்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பல்லு முரசைப் பாருங்கள். நல்ல பூனைக்கு அது இளஞ்சிவப்பு. வெளிறி வெள்ளையாக இருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சள் ஏறியிருந்தால் கலங்கள் உடைந்துகொண்டிருக்கின்றன அல்லது ஈரல் கெட்டிருக்கிறது. பூனை நன்றாக நித்திரை கொள்ளும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருப்பது இயல்பு, நாற்பதைத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. சிறுநீரின் நிறம் நல்ல அடையாளம்தான், ஆனால் பூனை மண்ணைக் கிளறி மூடிவிடும். வீட்டுக்குள் ஒரு தட்டில் வெள்ளைக் கடதாசி விரித்துக் கொஞ்சம் மணல் போட்டு வைத்தால் ஓரத்தில் நிறம் தெரியும்.

வெளிறிய முரசு மட்டும் வெங்காயத்தைக் காட்டிக்கொடுக்காது. தெள்ளு மொய்த்த குட்டியும் வெளிறும். செங்குருதிக் கலத்தில் ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிரியால் வரும் சோகையும் இதே தோற்றம் தரும். ஆகவே கடந்த ஒரு வாரம் பூனை என்ன தின்றது என்பதை நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்வது பாதி நோயறிதல். மீதியை ஒரு துளி இரத்தம் சொல்லும். நீலச் சாயம் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் பார்த்தால் ஹைன்ஸ் திரள் தெரிந்துவிடும். சில திரள்கள் எல்லாப் பூனையிலும் இருப்பதாலும், நீரிழிவு போன்ற நோய்களிலும் அவை கூடுவதாலும், எத்தனை என்பதுதான் கேள்வி, உண்டா என்பதல்ல.

பூனை சோர்ந்தால் நம் வீடுகளில் நடக்கும் சில வைத்தியங்கள் நோயைவிட மோசமானவை. அவற்றில் முதலிடம் பனடோலுக்கு. காய்ச்சல்போலத் தெரிகிறதே என்று கால் வில்லையைக் கரைத்துப் பருக்குவார்கள். மனித ஈரல் பரசிற்றமோலை ஒரு சர்க்கரைச் சேர்மத்தோடு கட்டி வெளியேற்றும். அதற்கு வேண்டிய நொதியத்தின் மரபணுவும் பூனையில் பழுதானது. வெளியேறாத மருந்து, வெங்காயம் எங்கே தாக்குகிறதோ அங்கேயே, அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தாக்கும். சில மணி நேரத்தில் முரசு கபில நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் வில்லை ஒன்று பூனையைக் கொல்லப் போதும். ஏற்கெனவே வெங்காயத்தால் இரத்தம் கெட்ட பூனைக்குக் கால் வில்லையும் அதிகம்.

உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டாம். அந்த உப்பே மூளையைப் பாதிக்கும். கரித் தூளை வாயில் திணித்தால் நுரையீரலுக்குள் போகும். பூச்சி விழட்டும் என்று உள்ளி இடித்துக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குடற்பூச்சிக்கு மலிவான நல்ல மருந்து கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கிறது.

தின்று ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால், மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைப்பார், செயலூட்டிய கரி கொடுப்பார். நாட்கள் கடந்துவிட்டால் நஞ்சுக்கு நேரான முறிமருந்து கிடையாது. சேலைன் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காத்து, ஒட்சிசன் கொடுத்து, பூனையின் எலும்பு மச்சை புதிய கலங்களை ஆக்கும்வரை தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை. இரத்தம் மிகவும் குறைந்தால் இன்னொரு பூனையின் இரத்தம் ஏற்ற வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பூனைக்கும் A, B, AB என்று இரத்த வகைகள் உண்டு. B வகைப் பூனைக்கு A வகை இரத்தம் முதல் தரம் ஏற்றினாலே உயிருக்கு ஆபத்து, ஏனென்றால் எதிர்ப்பொருள் அதன் உடலில் இயற்கையாகவே இருக்கிறது. ஆகவே வகை பார்க்காமல் ஏற்ற முடியாது. இப்படிப்பட்ட வசதிகளை எதிர்பார்க்கக்கூடிய இடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீட வைத்தியசாலை. தர்மபுரத்தில் இருந்து கண்டி வீதியில் மணிக்கணக்கான பயணம். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் பெரும்பகுதி வேலை மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும். அங்கும் பூனையைப் பார்ப்பார்கள், சேலைன் ஏற்றுவார்கள். ஆனால் இரத்தம் ஏற்றும் கட்டத்துக்குப் பூனை போய்விட்டால் வன்னியில் அதைக் காப்பாற்றுவது கடினம்.

“உதெல்லாம் வெளிநாட்டுப் பூனையளுக்குத்தான் தம்பி, எங்கட பூனை குழம்புச் சோறு திண்டுதானே வளருது” என்று யாராவது ஓர் அக்கா சொல்லாமல் இருக்கமாட்டார். அதில் நியாயம் இருக்கிறது. தெளிவான குழம்பு, கொஞ்சம் சோறு, இடையிடையே எலி, ஓணான், பச்சை மீன் என்று தின்னும் வளர்ந்த பூனை எல்லைக்குக் கீழேயே வாழ்ந்துவிடும். இலேசாகக் குறைந்த இரத்தத்தைச் சில கிழமைக்குள் ஈடும் செய்துவிடும். ஆனால் அந்த வாதம் பிழைத்த பூனைகளை மட்டும் எண்ணுகிறது. ஓர் ஈற்றில் நான்கு குட்டி போட்டால் இரண்டு தங்காமல் போவதை நாம் இயல்பென்று எடுத்துக்கொள்கிறோம். பால் மறந்து முதன்முதல் சோறு தின்னப் பழகும் அந்த அரைக் கிலோக் குட்டிகளின் சிரட்டையில் என்ன விழுந்தது என்று யாரும் பார்த்ததில்லை. எல்லாச் சாவுக்கும் வெங்காயம் காரணம் என்று நான் சொல்லவில்லை. தெள்ளும் பூச்சியும் நாயும் வீதியும் அதைவிடக் கூடுதலாகக் கொல்லும். ஆனால் இவற்றில் செலவே இல்லாமல் நிறுத்தக்கூடியது வெங்காயம் ஒன்றுதான்.

நிறுத்துவதற்குப் பூனைக்கென்று டின் உணவு வாங்க வேண்டியதில்லை. மீன் வெட்டும்போது தலையையும் செவிளுக்குக் கிட்டிய சதையையும் ஒதுக்கி, உப்பும் புளியும் வெங்காயமும் உள்ளியும் போடாமல் ஒரு சின்னச் சட்டியில் வெறும் தண்ணீரில் அவித்து, முள்ளு நீக்கி, அந்த அவித்த தண்ணீரோடு சோற்றில் பிசைந்தால் போதும். பச்சையாகவே தொடர்ந்து போடுவதைவிட அவிப்பது நல்லது. சில மீன்களின் பச்சைச் சதையில் தயமின் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதியம் உண்டு, சூட்டில் அது செயலிழக்கும். சோறு கொஞ்சமாகவும் மீன் கூடுதலாகவும் இருக்கட்டும், பூனை மாமிசம் தின்னவே பிறந்தது. குழம்பில் போட்ட மீன்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், துண்டைத் தண்ணீரில் நன்றாக அலசி, தோலை உரித்து, நடுச் சதையை மட்டும் கொடுங்கள். வெங்காயச் சாறு குறையும், முற்றாகப் போகாது. எப்போதாவது ஒரு நாளைக்கு அது சரி, தினமும் அல்ல. குட்டி போட்ட பூனையும் குட்டிகளும் இருக்கும் வீட்டில் அதையும் செய்யாதீர்கள். சம்பல் சட்டியை மூடி, மூடியின் மேல் ஒரு பாரம் வையுங்கள்.